கடன்காரரும் கடனாளியும்: ஆட்பெயர்ப் பின்னொட்டுகளின் பொருள் வேறுபாடு – ஒரு மதிப்பீடு

ஆய்வுச் சுருக்கம்

தற்காலத் தமிழில் ஒருவரைக் குறிக்கும் பெயர்ச்சொற்களை ஆக்குவதில் -காரர், -ஆளர், -ஆளி, -தாரர் ஆகிய நான்கு பின்னொட்டுகள் மிகுதியாகப் பயன்படுகின்றன. இவற்றுள் -காரர் என்பதற்கு ‘உடையவர்’ என்றோ ‘செய்பவர்’ என்றோ ஒரே பொருள் கூறிச் சொற்களை அதன்கீழ் வரிசைப்படுத்துவது பாடநூல்களிலும் வகுப்பறைகளிலும் காணப்படும் முறை. அம்முறை கடன்காரர், வட்டிக்காரர், வாடகைக்காரர், வீட்டுக்காரர் போன்ற சொற்களின் பொருளை விளக்கப் போதாது என்பதை இக்கட்டுரை காட்டுகிறது. அடிச்சொல்லின் வகை, அதே அடியிலிருந்து பிறந்த பிற சொற்கள், தொடரில் சொல் நிற்கும் இடம் ஆகிய மூன்றும் சேர்ந்தே பொருளைத் தீர்மானிக்கின்றன என்பது கட்டுரையின் கருத்து.

திறவுச்சொற்கள்: பின்னொட்டு, ஆட்பெயர், -காரர், -ஆளர், -ஆளி, -தாரர், சொல்லாக்கம், உடைப்பெயர்.

முன்னுரை

ஒரு பின்னொட்டை எடுத்துக்கொண்டு, அது சேர்ந்த சொற்களைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றிலும் பொருள் எவ்வாறு மாறுகிறது என்று குறிப்பது சொல்லாக்க ஆய்வின் முதற்படி. பட்டியலிடுவது எளிது, பொருள் குறிப்பதில்தான் இடர்ப்பாடு தோன்றுகிறது. பால்காரர் பாலை விற்பவர்; ஊர்க்காரர் ஊரில் வாழ்பவர்; கட்சிக்காரர் கட்சியைச் சேர்ந்தவர்; கோபக்காரர் கோபம் மிகுதியாக வரும் இயல்புடையவர்; ஆட்டோக்காரர் ஆட்டோவை ஓட்டுபவர். ஐந்து சொற்களிலும் பின்னொட்டு ஒன்றே. அடிக்கும் ஆளுக்கும் உள்ள உறவோ ஐந்து விதமாக உள்ளது.

இவ்வேறுபாடுகளை ‘உடையவர்’ என்ற ஒரு சொல்லுக்குள் அடக்கிவிடும்போது பட்டியல் நிறைவுபெற்றது போலத் தோன்றும். ஆனால் அதைக்கொண்டு புதிய சொல் ஒன்றின் பொருளை அறிய இயலாது. தமிழை இரண்டாம் மொழியாகக் கற்பவர், அகராதிப் பதிவு எழுதுபவர், ஆட்சிச்சொல் ஆக்குபவர் ஆகிய மூவரும் இக்குறையை நேரடியாக எதிர்கொள்கின்றனர். இக்கட்டுரை அன்றாடப் பேச்சு, செய்தித்தாள், அலுவலக எழுத்து ஆகியவற்றில் பரவலாக வழங்கும் சொற்களை எடுத்துக்கொண்டு அவ்விளக்க முறையை மதிப்பிடுகிறது.

பின்னொட்டை இனங்காணல்

பட்டியலிடுவதற்குமுன் எச்சொல்லில் பின்னொட்டு உண்டு, எச்சொல்லில் இல்லை என்பதைத் தெளிவுபடுத்த வேண்டும். எழுத்தொப்புமையை மட்டும் கொண்டு தொகுத்தால் தக்காளியும் பப்பாளியும் நோயாளியோடு ஒரே வரிசையில் வந்துவிடும். அவ்வாறே அதிகாரி என்ற சொல் -காரி என முடிந்தாலும் அது பூக்காரி போன்றதன்று. பூக்காரன், பூக்காரி, பூக்காரர் என்ற மூன்று வடிவங்களும் வழக்கில் உள்ளன. ‘அதிகாரன்’ என்ற வடிவம் இல்லை. மேலும் அதிகாரி என்பது இருபாலுக்கும் பொது. எனவே ஈற்றை நீக்கியபின் எஞ்சுவது தனித்து வழங்கும் பெயர்ச்சொல்லா, பால் காட்டும் இணைவடிவங்கள் உள்ளனவா என்ற இரு சோதனைகளும் தேவைப்படுகின்றன. ஐகாரம், மகாரம் என எழுத்தைச் சுட்ட வரும் -காரம் இலக்கண நூலார் சாரியை எனக் கூறுவது. அதற்கும் ஆட்பெயர் ஆக்கத்திற்கும் தொடர்பில்லை.

-காரர் என்பதை வடமொழியின் ‘கார’ என்பதோடு தொடர்புபடுத்துவது வழக்கம். அம்மொழியில் அது செய்தலைக் குறிக்கும் வினையடியிலிருந்து வந்தது. கும்பகாரர் குடம் செய்பவர். சூத்திரகாரர் சூத்திரம் இயற்றியவர். இராமானுசரைப் பாஷ்யகாரர் என்பது அவர் பாஷ்யம் இயற்றியதால். இச்சொற்கள் முழுமையாகவே கடன்பெறப்பட்டவை. இவற்றில் வல்லினம் மிகவில்லை என்பது கவனிக்கத்தக்கது. தமிழுக்குள் ஆக்கப்பட்ட சொற்களில் பூக்காரர், கீரைக்காரர், தயிர்க்காரர், தோட்டக்காரர் என வல்லினம் மிகுகிறது. பால்காரர், மீன்காரர், கடன்காரர் என லகர, னகர ஈறுகளின் பின் மட்டும் மிகாமல் நிற்கிறது. அடி வடசொல்லாக இருந்தாலும் ஆக்கம் தமிழுக்குள் நிகழ்ந்திருந்தால் மிகும் என்பதைக் கோபக்காரர், நாடகக்காரர் என்பவை காட்டுகின்றன.

இப்புணர்ச்சி வேறுபாடு பொருள் வேறுபாட்டோடு இணைந்து செல்கிறது. சூத்திரகாரர் சூத்திரத்தை ஆக்கியவர். நாடகக்காரர் நாடகத்தை எழுதியவராக இருக்கவேண்டியதில்லை, அதில் நடிப்பவரோ அதை நடத்துபவரோ ஆகலாம். பால்காரர் பாலை ஆக்குபவர் அல்லர். தமிழின் சொல்லாக்கக் கருவியாக மாறியபோது இப்பின்னொட்டு ‘செய்தல்’ என்ற பொருளை இழந்து, ‘இதனோடு தொடர்புடைய ஆள்’ என்ற அளவில் நின்றுவிட்டது. தொடர்பு எத்தகையது என்பதைப் பின்னொட்டு கூறுவதில்லை.

‘உடையவர்’ என்ற விளக்கமும் தொல்காப்பியப் பகுப்பும்

‘உடையவர்’ என்ற விளக்கத்தின் போதாமையை ஊர்க்காரர் என்ற சொல்லைக் கொண்டு எளிதில் காணலாம். ஊரை உடையவரைக் குறிக்கப் பழந்தமிழில் கிழான், கிழார் என்ற சொல் இருந்தது. கிழமை என்பது உரிமை. கோவூர் கிழார், ஆலத்தூர் கிழார் என்னும் புலவர் பெயர்களில் அச்சொல் இன்றும் காணக்கிடைக்கிறது. ஊர்க்காரர் என்பதில் இவ்வுரிமைப் பொருள் சிறிதும் இல்லை. அவ்வூரில் ஒரு பிடி நிலமும் இல்லாதவர் ஊர்க்காரராக இருக்கலாம். நூறு ஏக்கர் நிலம் வாங்கிய வெளியூர்க்காரர் வெளியூர்க்காரராகவே இருப்பார். ஆகவே உடைமை இங்குப் பொருளாகாது, வாழ்விடமே பொருள்.

தொல்காப்பியம் பெயரியலில் உயர்திணைப் பெயர்களைக் கூறுமிடத்தில் நிலப்பெயர், குடிப்பெயர், குழுவின் பெயர், வினைப்பெயர், உடைப்பெயர், பண்புகொள் பெயர் என வரிசைப்படுத்துகிறது. தொடர்ந்து சினைநிலைப் பெயரையும் கூறுகிறது. ஒருவர் எதனால் பெயர் பெறுகிறார் என்பதே அப்பகுப்பின் அடிப்படை. உடைப்பெயர் அவற்றுள் ஒன்று மட்டுமே. -காரர் சேர்ந்த சொற்களை இப்பகுப்பில் வைத்துப் பார்த்தால் அவை பல வகைகளிலும் பரவிக் கிடப்பது தெரியும். ஊர்க்காரர், மதுரைக்காரர் என்பன நிலத்தால் வந்தவை. கட்சிக்காரர் குழுவால் வந்தது. வேலைக்காரர் வினையால் வந்தது. கடைக்காரர், பணக்காரர் உடைமையால் வந்தவை. கோபக்காரர், கெட்டிக்காரர் பண்பால் வந்தவை. தாடிக்காரர், மீசைக்காரர் சினையால் வந்தவை.

பழைய நூலின் பகுப்பு தற்காலப் பின்னொட்டு ஒன்றுக்காக எழுந்ததன்று என்பது வெளிப்படை. எனினும் ‘உடையவர்’ என்று ஒன்றாக்கிவிடும் இன்றைய விளக்கத்தைவிட அப்பகுப்பு நுட்பமானது. அடிச்சொல் இடத்தைக் குறித்தால் வாழ்தல், விற்கும் பண்டத்தைக் குறித்தால் விற்றல், ஊர்தியைக் குறித்தால் ஓட்டுதல், மனநிலையைக் குறித்தால் இயல்பு எனப் பொருள் அடியின் வகையிலிருந்தே பெறப்படுகிறது. ஆட்டோக்காரர் என்னும்போது அந்த ஆட்டோ அவருக்குச் சொந்தமா, வாடகைக்கு எடுத்ததா என்று யாரும் கேட்பதில்லை.

அடியின் வகை மட்டும் போதுமா என்பது அடுத்த வினா. அதற்கு விடை காண, ஒரே அடியிலிருந்து எதிரெதிரான இரு பொருள் தோன்றும் ஒரு சொல்லை விரிவாக ஆராய வேண்டும்.

கடன்காரர்: ஒரு சொல், இரு திசை

கடன்காரர் என்ற சொல் கடன் கொடுத்தவரையும் குறிக்கும்; கடன் வாங்கியவரையும் குறிக்கும். ‘உடையவர்’ என்ற விளக்கம் இங்கு முற்றிலும் செயலற்றுப்போகிறது. கடனை உடையவர் என்றால் கொடுத்தவரா, வாங்கியவரா என்ற ஐயம் அப்படியே எஞ்சுகிறது. ஆனால் இச்சொல்லைப் பேச்சில் கேட்பவர் எவரும் குழம்புவதில்லை. குழப்பம் எழாமல் காப்பது எது என்பதைப் பின்வரும் தொடர்கள் காட்டுகின்றன.

‘விடிந்தால் கடன்காரர் வாசலில் வந்து நிற்கிறார்’ என்ற தொடரில் கடன்காரர் எழுவாய்; அவர் கொடுத்தவர். ‘என் கடன்காரர்களுக்கு என்ன பதில் சொல்வேன்’ என்பதில் ‘என்’ என்ற வேற்றுமைப் பொருள்தரும் சொல் முன்னிற்கிறது, இங்கும் கொடுத்தவரே. ‘மகள் திருமணத்திற்குப் பின் அவர் கடன்காரர் ஆகிவிட்டார்’ என்பதில் அச்சொல் பயனிலையின் பகுதியாக நிற்கிறது, இங்கு வாங்கியவர். ‘ஊரெல்லாம் கடன்; பெரிய கடன்காரன் அவன்’ என்பதிலும் அது பயனிலை; பொருளும் அவ்வாறே.

இவற்றிலிருந்து ஒரு நெறி தெரிகிறது. சொல் இன்னாரைச் சுட்டும்போது, அதாவது எழுவாயாகவோ செயப்படுபொருளாகவோ நின்று ஒருவரை அடையாளங்காட்டும்போது, மற்றொருவரோடு கொண்ட உறவு முன்னிற்கிறது. அவ்வுறவில் வந்து கேட்கும் உரிமை உள்ளவர் கொடுத்தவர். சொல் பயனிலையாகி ஒருவரைப் பற்றி ஒன்று கூறும்போது, அவருடைய நிலை முன்னிற்கிறது. கடன் என்ற நிலைக்கு ஆளானவர் வாங்கியவர். இந்நெறி எல்லாத் தொடருக்கும் விதிவிலக்கின்றிப் பொருந்தும் எனக் கூற இயலாது. ‘அவர்தான் எனக்குக் கடன்காரர்’ எனும்போது பயனிலையாக நின்றும் உறவுப் பொருள் வருகிறது. ‘எனக்கு’ என்ற சொல் அதைக் கொண்டுவருகிறது. இவ்விலக்கும் நெறியை உறுதிப்படுத்துவதே: உறவின் மறுமுனை தொடரில் வெளிப்பட்டால் உறவுப்பொருள், வெளிப்படாவிட்டால் நிலைப்பொருள்.

மூன்றாவது வழக்கொன்றும் உண்டு. குறும்பு செய்யும் பிள்ளையைத் தாய் ‘கடன்காரா’ என விளித்துத் திட்டுவது சில வட்டாரங்களிலும் குடும்பங்களிலும் கேட்கும் வழக்கு. முற்பிறவிக் கடனைத் தீர்த்துக்கொள்ளப் பிள்ளையாக வந்து பிறந்தவன் என்று இதை விளக்குவதுண்டு. அவ்விளக்கப்படி இங்கும் அச்சொல் கேட்க வந்தவனையே குறிக்கிறது. எனினும் விளியில் இப்பொருள் தேய்ந்து வசையின் வலு மட்டுமே நிற்கிறது. அகராதிப் பதிவில் இதனைத் தனிப்பொருளாகக் காட்டுவது தகும்.

இனி, அதே அடியிலிருந்து பிறந்த கடனாளி என்ற சொல்லைக் கருதலாம். இச்சொல்லுக்கு இருதிசைப் பொருள் இல்லை. வாங்கியவரை மட்டுமே குறிக்கும். ‘கடனாளி வாசலில் வந்து நிற்கிறார்’ என எழுவாயாக வைத்தாலும் பொருள் மாறுவதில்லை. தொடரின் இடம் மாறினாலும் திசை மாறாத சொல் ஒன்று அருகிலேயே இருப்பதால், எழுத்துத் தமிழில் கடன்காரர் என்பது பெரும்பாலும் கொடுத்தவரைக் குறிக்கும் பக்கமாக ஒதுங்குகிறது. வங்கிகளின் ஏல அறிவிப்புகளில் வாங்கியவரைக் குறிக்கக் கடன்தாரர் என்ற மற்றொரு சொல்லும் வழங்குகிறது. ஓர் அடி, மூன்று பின்னொட்டு என்ற நிலையில் ஒவ்வொரு சொல்லின் எல்லையையும் அண்டைச் சொற்கள் வரையறுக்கின்றன.

இடம் நிரம்பிய சொற்கள்

அண்டைச் சொல் பொருளை வரையறுக்கும் முறை வட்டி, வாடகை என்ற இரு அடிகளை ஒப்பிடும்போது மேலும் தெளிவாகிறது. இரண்டும் ஒருவர் மற்றொருவருக்குக் காலந்தோறும் செலுத்தும் தொகைகள். வகையால் ஒத்தவை. ஆனால் வட்டிக்காரர் வட்டியைப் பெறுபவர். வாடகைக்காரர் வாடகையைக் கொடுப்பவர்.

அடியின் வகையை மட்டும் கொண்டு இம்முரணை விளக்க இயலாது. அண்டைச் சொற்களைப் பார்த்தால் காரணம் விளங்கும். வாடகை உறவில் பெறுபவருக்கு வீட்டுக்காரர் என்ற பெயர் முன்னரே உள்ளது. எஞ்சிய இடம் குடியிருப்பவருடையது. வாடகைக்காரர் என்ற சொல் அங்குச் சென்று அமர்கிறது. வட்டி உறவில் வாங்கியவருக்குக் கடனாளி என்ற பெயர் உள்ளது. எஞ்சிய இடம் கொடுப்பவருடையது. வட்டியையே தொழிலாகக் கொண்ட அவருக்கு வட்டிக்காரர் என்ற பெயர் பொருந்துகிறது. குத்தகைக்காரர் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தவரைக் குறிப்பதும் இவ்வாறே. மறுபுறத்தில் நிலக்காரர் என்ற பெயர் இருக்கிறது.

வீட்டுக்காரர் என்ற சொல்லோ வேறொரு சிக்கலைத் தருகிறது. குடியிருப்பவர் வாயில் அது வீட்டின் உரிமையாளர். மனைவி வாயில் ‘என் வீட்டுக்காரர்’ கணவர். கணவனின் பெயரைச் சொல்லாத மரபில் இச்சொல் பெயருக்கு ஈடாக நின்றது. பெண்பாலில் இவ்விரு பொருள்களும் வடிவத்தாலேயே பிரியத் தலைப்படுகின்றன: வீட்டுக்காரி மனைவி, வீட்டுக்காரம்மா பெரும்பாலும் வீட்டின் உரிமையாளரான பெண். உரிமையாளருக்குக் காட்டவேண்டிய மதிப்பே -அம்மா என்ற சேர்க்கையைக் கொண்டுவந்தது எனலாம். ஆண்பாலில் -காரர் என்ற மரியாதை வடிவம் இரு பொருளுக்கும் பொருந்திவிடுவதால் அத்தகைய பிரிவு தேவைப்படவில்லை.

இச்சொல்லின் முன் ‘பக்கத்து’ என்ற அடை வந்தால் மேற்கூறிய இரு பொருளும் பின்தள்ளப்படுகின்றன. பக்கத்து வீட்டுக்காரர் பக்கத்து வீட்டில் வாழ்பவர். அது சொந்த வீடா வாடகை வீடா என்பது பொருட்டன்று. இங்குப் பின்னொட்டு ‘வீடு’ என்ற தனிச்சொல்லோடு சேராமல் ‘பக்கத்து வீடு’ என்ற தொடர் முழுவதோடும் சேர்கிறது. தொடரோடு சேரும் இவ்வாற்றல் -காரர் என்பதன் தனிப்பண்பு. கூட்டத்தில் பெயர் தெரியாத ஒருவரைச் ‘சிவப்புச் சட்டைக்காரர்’ என்று சுட்டிவிட முடியும். அச்சொல் அந்த நொடிக்கு மட்டும் பிறந்தது; அவர் சட்டையை மாற்றியதும் அது செல்லாது. இவ்விடத்தில் -ஆளர், -ஆளி, -தாரர் எதனையும் இட்டு வழங்க இயலாது.

ஒரே அடி, வெவ்வேறு பின்னொட்டு

-ஆளர், -ஆளி இரண்டும் ஆள் என்பதன் அடியாக வந்தவை. ஆளுதல் என்ற பொருள் பழைய ஆக்கங்களில் விளங்கித் தோன்றுகிறது. குறளில் வரும் தாளாண்மை, வேளாண்மை என்ற சொற்கள் அதே அடியின் பண்புப்பெயர் வடிவங்களைக் கொண்டவை. தற்காலத்தில் நோயாளி நோயை ஆள்பவர் அல்லர்; விருந்தாளி விருந்தை ஆள்பவரும் அல்லர். எனவே இவற்றிலும் சொற்பிறப்பைக் கொண்டு இன்றைய பொருளைக் கூறிவிட முடியாது. இணைச்சொற்களை ஒப்பிடுவதே வழி.

போராட்டக்காரர், போராளி என்ற இணை இதற்கு ஏற்ற சான்று. சாலையில் அமர்ந்து மறியல் செய்பவர் போராட்டக்காரர். மாலையில் கூட்டம் கலைந்ததும் அவருக்கு அப்பெயர் இல்லை. போராளி என்ற பெயர் அவ்வாறு கலைந்துபோவதில்லை. போராட்டம் நடைபெறாத நாளிலும் அவர் போராளியே. -காரர் நிகழ்ச்சியோடு கொண்ட தொடர்பையும், -ஆளி ஆளின் நிலையையோ இயல்பையோ காட்டுகின்றன. நோயாளி, கடனாளி, குற்றவாளி, அறிவாளி, உழைப்பாளி, படைப்பாளி என்பவை இதற்கு இயைகின்றன. ஒரே நிகழ்வைப் பற்றிய இரு செய்திகளில் ஒன்று போராட்டக்காரர் என்றும் மற்றொன்று போராளி என்றும் எழுதும்போது, அவை ஒரே ஆளைப் பற்றி இருவேறு முடிவுகளை வாசகரிடம் சேர்க்கின்றன. ‘இரண்டும் ஒருபொருட்சொற்கள்’ எனப் பட்டியல் கூறுமாயின் இவ்வேறுபாடு கண்ணுக்குத் தப்பிவிடும்.

காவல் என்ற அடி மூன்று சொற்களைத் தருகிறது. காவலர் இன்று காவல்துறையில் பணிபுரிபவர். காவலாளி கட்டடத்தின் வாயிலில் அமர்ந்திருப்பவர். காவல்காரர் தோப்புக்கும் வயலுக்கும் காவல் இருப்பவர் என்ற வழக்கில் மிகுதியாக வருகிறது. மூவர் செய்வதும் காத்தலே. வினையால் வேறுபாடில்லாத இடத்தில் காவலின் களமும் அதற்குரிய நிறுவனமும் சொற்களைப் பிரித்துள்ளன. -ஆளி நிலையைக் காட்டும் என்ற மேற்கூறிய கருத்து காவலாளி என்ற சொல்லுக்குப் பொருந்தவில்லை என்பதையும் குறிக்க வேண்டும். தொழிலாளி, முதலாளி என்பவற்றோடு சேர்த்து இதனை வைத்தால், உழைப்புறவில் ஒருவர் வகிக்கும் இடத்தைக் காட்டும் தனித்தொகுதி ஒன்று -ஆளிக்கு உண்டு எனக் கொள்ளலாம்.

தொழிலாளி, தொழிலாளர் என்பவற்றிடையே உள்ள வேறுபாடு பின்னும் நுட்பமானது. தனி ஒருவரைச் சுட்டத் தொழிலாளி. தொகுதியைச் சுட்டத் தொழிலாளர். சங்கத்தின் பெயரிலும் சட்டத்தின் பெயரிலும் தொழிலாளர் என்பதே வரும். ஆனால் முதலாளி என்பதற்கு ‘முதலாளர்’ என்ற இணை வழக்கில் இல்லை. முதலீடு என்ற அடியிலிருந்தே முதலீட்டாளர் என்ற சொல் ஆக்கப்பட்டது. இருவரும் ஒருவர் அல்லர்: முதலாளி தனக்குக்கீழ் வேலை செய்வோரை உடையவர், முதலீட்டாளருக்கு அத்தகைய எவரும் இருக்கவேண்டியதில்லை.

-ஆளர் இன்று பணிப்பெயர்களுக்குரிய பின்னொட்டாக வளர்ந்துள்ளது. கண்காணிப்பாளர், ஒருங்கிணைப்பாளர், மொழிபெயர்ப்பாளர், வேட்பாளர் எனத் தொழிற்பெயரோடு சேர்ந்து பிறரால் ஏற்கப்பட்ட பொறுப்பைக் குறிக்கிறது. இலங்கைத் தமிழில் இதன் ஆட்சி இன்னும் விரிவானது. பணிப்பாளர், முகாமையாளர், தவிசாளர் என்பவை அங்கு வழங்கும் பதவிப்பெயர்கள். தமிழகத்தில் நோயாளி எனப்படுபவர் அங்கு எழுத்து வழக்கில் நோயாளர் எனப்படுகிறார். நோயாளர் காவு வண்டி என்ற தொடர் யாவரும் அறிந்தது. ஒரே நிலையைக் குறிக்க இரு நிலத்தார் இரு பின்னொட்டைத் தேர்ந்தது, இவற்றின் எல்லைகள் வழக்கால் அமைந்தவை என்பதற்குச் சான்றாகும்.

-தாரர் பாரசீகத்தின் ‘தார்’ என்பதன் வழி வந்தது. ஜமீன்தார், தாசில்தார் போன்ற ஆட்சிச்சொற்களோடு நுழைந்து, பின்னர் மனுதாரர், விண்ணப்பதாரர், ஒப்பந்ததாரர், சந்தாதாரர், பங்குதாரர், குடும்ப அட்டைதாரர் எனப் பிற அடிகளோடும் சேர்ந்தது. இவ்வடிகள் அனைத்திற்கும் பொதுவான ஒன்று உண்டு: எழுத்தில் பதிவான ஆவணம். மனு, விண்ணப்பம், ஒப்பந்தம், அட்டை என எல்லாம் தாளில் நிற்பவை. வாடகைக்காரர் என்பதற்கும் வாடகைதாரர் என்பதற்கும் உள்ள வேறுபாடு இதுவே. பின்னது சட்டத்தின் கண்ணுக்குத் தெரிபவர். பட்டதாரி என்ற சொல் ஒலியால் இதற்கு நெருங்கினாலும் வேறானது. அதிலுள்ளது தரித்தலைக் குறிக்கும் வடமொழி ஈறு. வேடதாரி என்பதோடு சேர்வது. பட்டாதாரர் நிலப்பட்டாவை உடையவர்.

பங்கு என்ற அடி இவ்வேறுபாடுகளை ஒருங்கே காட்டுகிறது. பங்குதாரர் நிறுவனத்தில் பதிவு பெற்ற பங்கை உடையவர். பங்குக்காரர் ஒரு தொழிலிலோ நிலத்திலோ வாய்மொழியாகவேனும் பங்கு உள்ளவர். பங்காளி தந்தைவழி உறவினர். சொத்தில் பங்குக்கு உரியவர் என்பதிலிருந்து உறவுமுறைப் பெயராகிவிட்டது. சொத்து ஏதும் இல்லாத குடும்பத்திலும் பங்காளிகள் உண்டு. பங்காளிச் சண்டை என்ற தொடரில் பழைய பொருளின் நிழல் தங்கியிருக்கிறது. மூன்று சொற்களுக்கும் ‘பங்கை உடையவர்’ என்ற விளக்கத்தைத் தரலாம். தந்தபின் மூன்றில் எதனையும் சரியாக வழங்கக் கற்பவருக்கு அது உதவாது.

மதிப்பும் இழிவும்

-காரர் என்ற பின்னொட்டே மதிப்புக் குறைவானது என்ற கருத்து உண்டு. வேலைக்காரர் என்பதற்கு மாற்றாகப் பணியாளர், ஆட்டோக்காரர் என்பதற்கு மாற்றாக ஆட்டோ ஓட்டுநர், சலவைக்காரர் என்பதற்கு மாற்றாகச் சலவைத் தொழிலாளர் என எழுதப்படுவது இக்கருத்தின் விளைவு. மாற்றத்தின் நோக்கம் ஏற்கத்தக்கதே. ஆனால் காரணம் பின்னொட்டில் உள்ளது என்பது சான்றுக்கு நிற்கவில்லை. பணக்காரர், கெட்டிக்காரர், சொந்தக்காரர் என்ற சொற்களில் இழிவு ஏதும் இல்லை. இழிவு தோன்றும் சொற்களில் அது அத்தொழிலைச் சமூகம் மதித்த முறையிலிருந்தும், -காரன், -காரி என்ற மரியாதையற்ற வடிவங்களால் அத்தொழில் செய்வோரை அழைத்த பழக்கத்திலிருந்தும் வந்தது.

மாற்றும்போது பொருளும் மாறுகிறது என்பது கவனத்திற்குரியது. வேலைக்காரர் பெரும்பாலும் ஒரு வீட்டில் வேலை செய்பவர். பணியாளர் நிறுவனத்தில் பணிபுரிபவரையும் உள்ளடக்கும் சொல். ‘வீட்டுப் பணியாளர்’ என அடை சேர்த்தால்தான் பழைய பொருள் முழுமையாகக் கிடைக்கிறது. மாற்றுச்சொல் ஆக்குபவர் பின்னொட்டை மட்டும் மாற்றிவிட்டு, அடி இழந்த எல்லையை ஈடுசெய்ய மறந்தால் சொல் தெளிவிழக்கும்.

பட்டியலிடும் முறைக்குச் சில வரையறைகள்

மேற்கண்ட ஆய்விலிருந்து, பின்னொட்டுச் சொற்களைத் தொகுப்போர் ஒவ்வொரு சொல்லுக்கும் மூன்று செய்திகளைப் பதிவது நலம் எனத் தெரிகிறது. முதலாவது, அடிச்சொல்லின் வகை: இடமா, பண்டமா, ஊர்தியா, இயல்பா, தொகையா என்பது. இரண்டாவது, அதே அடியிலிருந்தோ அதே உறவிலிருந்தோ பிறந்த இணைச்சொற்கள். வாடகைக்காரர் என்ற பதிவில் வீட்டுக்காரர் இடம்பெறவேண்டும், அடி வேறாயினும். மூன்றாவது, எழுவாயாகவும் பயனிலையாகவும் சொல் வரும் எடுத்துக்காட்டுத் தொடர்கள் ஒவ்வொன்று. கடன்காரர் போன்ற சொற்களுக்கு இம்மூன்றாவது செய்தி இன்றியமையாதது. சந்தாதாரர் போன்றவற்றுக்கு அது பெரிதும் தேவைப்படாது.

பொருள் ஐயத்தை அறிய எளிய சோதனை ஒன்றும் உண்டு. தரப்படும் விளக்கத்தைச் சொல்லுக்குப் பதிலாகத் தொடரில் இட்டுப் படிக்க வேண்டும். ‘ஊரை உடையவர் எல்லாரும் கூடிவிட்டனர்’ என்பது ‘ஊர்க்காரர் எல்லாரும் கூடிவிட்டனர்’ என்பதற்கு ஈடாகாதபோது விளக்கம் தவறு என்பது உடனே புலப்படும்.

முடிவுரை

-காரர் தமிழுக்குள் ஆக்கத்திறன் பெற்றபோது தன் மூலப்பொருளான செய்தலை இழந்து, தொடர்பை மட்டும் உணர்த்தும் பின்னொட்டாயிற்று. அத்தொடர்பின் வகையை அடிச்சொல் தருகிறது. எல்லையை அண்டைச் சொற்கள் வகுக்கின்றன. இருதிசைச் சொற்களில் தொடரின் இடம் திசையைத் தீர்மானிக்கிறது. -ஆளர் ஏற்கப்பட்ட பொறுப்பையும், -ஆளி நிலையையோ உழைப்புறவில் வகிக்கும் இடத்தையோ, -தாரர் ஆவணத்தில் பதிந்த உரிமையையும் பெரும்பான்மையாகக் காட்டுகின்றன. பங்காளி, காவலாளி போன்ற சொற்கள் இப்பெரும்பான்மைக்கு முழுதும் அடங்காமல் தமக்குரிய வரலாற்றோடு நிற்கின்றன. பின்னொட்டுக்கு ஒரு பொருளை முன்கூட்டி வகுத்துக்கொண்டு சொற்களை அதன்கீழ் அடுக்குவதைவிட, ஓர் அடியை எடுத்து அது ஏற்கும் பின்னொட்டுகளை அருகருகே வைத்துப் பொருள் காண்பதே இச்சொற்களின் நடப்பை வெளிப்படுத்தும். பங்கு, கடன், காவல் ஆகிய மூன்று அடிகளில் இங்குச் செய்யப்பட்ட இவ்வொப்பீட்டை வேலை, கணக்கு, பாட்டு போன்ற பிற அடிகளுக்கும் விரிப்பது அடுத்த பணியாகும்.